மார்ச் 31-க்கு முன் ஒரு சின்ன வரிக்கணக்கு: உங்களுக்கு மீதி 11,100 ரூபாய்தான்

வணக்கம் மீனா மேடம்,

2025-26 நிதியாண்டு முடிய மூன்று வாரம் இருக்கிறது. 80சி-யில் ஒன்றரை லட்சம் போட வேண்டுமே என்று போன வாரம் போனில் கேட்டிருந்தீர்கள். புதிதாக அவ்வளவு போடத் தேவையில்லை.

உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். மாதம் 7,200 ரூபாய் பி.எஃப். பிடிக்கிறார்கள், வருடத்துக்கு 86,400. நிறுவனம் தன் பங்காகப் போடுவதை இதில் சேர்க்கக் கூடாது. மகளின் பள்ளி ரசீதில் டியூஷன் கட்டணம் மட்டும் 38,000. பஸ் கட்டணத்துக்குச் சலுகை கிடையாது, அதனால் அதை விட்டுவிட்டேன். டேர்ம் பாலிசி பிரீமியம் 14,500. மொத்தம் 1,38,900 ஆகிவிட்டது. மீதி 11,100 தான்.

நீங்கள் 20 சதவீத அடுக்கில் வருவதால், இதைப் போட்டால் வரியில் சுமார் 2,300 ரூபாய் குறையும். இந்த மாதம் வேறு செலவு இருந்தால் விட்டுவிடுங்கள், பெரிய நஷ்டம் எதுவும் இல்லை.

போடுவதாக இருந்தால் உங்கள் பி.பி.எஃப். கணக்கே போதும் என்பது என் கருத்து. இப்போது வட்டி 7.1 சதவீதம். அரசு காலாண்டுக்கு ஒருமுறை அறிவிப்பதால் இது மாறலாம். 5-ஆம் தேதி தாண்டிவிட்டதால் இந்தப் பணத்துக்கு மார்ச் மாத வட்டி வராது. எனவே நிதானமாக 25-க்குள் அனுப்புங்கள், கடைசி நாள் வரை வைத்துக்கொள்ள வேண்டாம்.

இ.எல்.எஸ்.எஸ். பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது பங்குச் சந்தையைச் சார்ந்தது. மூன்று வருடம் எடுக்க முடியாது, அது முடியும்போது போட்டதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். இவ்வளவு வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். மகளின் கல்லூரிச் செலவு நான்கு வருடத்தில் வருகிறது, அதனால்தான் தயங்குகிறேன். விருப்பம் இருந்தால் ஏப்ரலில் உட்கார்ந்து பேசுவோம்.

அப்புறம், அம்மாவின் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தை இந்த வருடம் கட்டியாயிற்றா? அதற்கு 80டி-யில் தனியாகச் சலுகை உண்டு. ரொக்கமாகக் கட்டினால் கிடைக்காது, வங்கி வழியாகவோ கார்டிலோ கட்டுங்கள்.

இதெல்லாம் பழைய வரி முறைக்கு மட்டும். வாடகைச் சலுகை பெரிதாக இருப்பதால் ஜனவரியில் போட்ட கணக்கில் உங்களுக்கு அதுதான் லாபமாக வந்தது. சம்பளத்திலோ வாடகையிலோ ஏதும் மாறியிருந்தால் சொல்லுங்கள், மறுபடி போட்டுப் பார்க்கிறேன். புதிய முறை நல்லதென்று வந்தால் இந்த 11,100-ஐ வரிக்காகப் போட வேண்டியதே இல்லை.

அலுவலகத்தில் ஆதாரம் கொடுக்கும் தேதி போய்விட்டதே என்று கவலை வேண்டாம். 31-க்குள் கட்டியிருந்தால் ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது கேட்டுக்கொள்ளலாம். ரசீதுகளை ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

சனிக்கிழமை காலை 10 முதல் 1 வரை அலுவலகத்தில் இருப்பேன். போனிலும் பேசலாம்.

அன்புடன்,
சுந்தர்