உழைக்கும் கைகள்: ஒளிப்படப் போட்டிக்குப் படம் அனுப்பலாம்

முகம் தேவையில்லை. கைகள் போதும். தைக்கிற கை, பிசைகிற கை, கம்பி முறுக்குகிற கை, ஊசி போடுகிற கை என்று ஏதாவது ஒரு வேலை நடந்துகொண்டிருக்கும் கணத்தைப் படமாக அனுப்புங்கள். செப்டம்பர் 30 இரவு 11.59 வரை படிவம் திறந்திருக்கும். இணைப்பு எங்கள் முகப்பில் இருக்கிறது. கட்டணம் இல்லை.

அனுப்புவதற்கு முன் இதைக் கடைசி வரை படித்துவிடுங்கள். நல்ல படங்கள் முதல் சுற்றுக்கே வராமல் போவது பெரும்பாலும் படத்தின் குறையால் அல்ல, அனுப்பிய விதத்தால்தான்.

📷 யார், எத்தனை, எப்போது எடுத்தது?

18 வயது நிரம்பிய யாரும் கலந்துகொள்ளலாம். அதற்குக் குறைந்தவர்கள் பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதலைப் படிவத்தோடு இணைக்க வேண்டும். ஒருவருக்கு அதிகபட்சம் 3 படங்கள். இந்த ஆண்டு ஜனவரி 1-க்குப் பிறகு நீங்களே எடுத்ததாக இருக்க வேண்டும். ஃபோனோ கேமராவோ, எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். நடுவர்களும் அவர்கள் வீட்டாரும் கலந்துகொள்ள முடியாது.

📐 கோப்பு

JPEG வடிவம், sRGB வண்ணம், நீளப்பக்கம் குறைந்தது 3600 பிக்சல், கோப்பு 15 எம்பிக்குள். 3600 என்று கேட்பதற்குக் காரணம் உண்டு. தேர்வாகும் படங்களை 12 × 18 அங்குலத்தில் அச்சிடுகிறோம். 18 அங்குலத்தில் 3600 பிக்சல் என்றால் அங்குலத்துக்கு 200 புள்ளி. அதற்குக் கீழே போனால் நகக்கண்ணும் ரேகையும் மசமசவென்று ஆகிவிடும். கைகளைப் பற்றிய போட்டியில் அது போனால் மிச்சம் என்ன இருக்கிறது?

12 மெகாபிக்சல் ஃபோன் பொதுவாக 4000 × 3000 அளவில் படம் தரும். அதாவது நீளவாக்கில் பத்தில் ஒரு பங்குதான் வெட்ட இடமிருக்கிறது. ஆகவே பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று தள்ளி நின்று எடுக்காதீர்கள், கிட்டே போங்கள். விரல் விரித்து ஜூம் செய்வதும் பெரும்பாலும் வெட்டுவதற்குச் சமம்தான்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் பகிர்ந்த படத்தை இறக்கி அனுப்ப வேண்டாம். அதில் நீளப்பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கியிருக்கும், அச்சில் அங்குலத்துக்கு 90 புள்ளிகூடத் தேறாது. நண்பர் ஃபோனில் நீங்கள் எடுத்த படம் என்றால் அவரை Document ஆக அனுப்பச் சொல்லுங்கள். ஸ்க்ரீன்ஷாட் கூடாது. ஐஃபோனில் HEIC ஆகச் சேமிப்பவர்கள் கேமரா அமைப்பில் Formats போய் Most Compatible என்று மாற்றிக்கொண்டால் JPEG ஆகவே கிடைக்கும்.

படத்தின் மேல் பெயர், வாட்டர்மார்க், பார்டர் எதுவும் வேண்டாம். கோப்பின் பெயரிலும் உங்கள் பெயர் வரக் கூடாது. `kaigal_1.jpg` போதும். நடுவர்கள் யார் படம் என்று தெரியாமல்தான் பார்க்கிறார்கள்.

✂️ எவ்வளவு திருத்தலாம்?

வெட்டுதல், வெளிச்சம், கான்ட்ராஸ்ட், வண்ணச் சமன், கறுப்பு வெள்ளையாக்குதல், சென்சார் தூசியை அழித்தல் ஆகியவற்றுக்குத் தடையில்லை. இல்லாததைச் சேர்ப்பதும் இருந்ததை நீக்குவதும் கூடாது. பின்னால் தெரியும் பிளாஸ்டிக் வாளி கண்ணை உறுத்துகிறதா? எடுக்கும்போதே ஓரடி நகர்ந்து நில்லுங்கள். பிறகு மென்பொருளால் அழித்தால் படம் விலக்கப்படும்.

ஃபோனின் நைட் மோடு, எச்டிஆர் இரண்டும் சரி. போர்ட்ரெய்ட் மோடுக்கும் தடையில்லை, ஆனால் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். விரல்களுக்கு இடையே உள்ள இடைவெளியையும், நூல், கம்பி போன்ற மெல்லியவற்றையும் அது பின்னணி என்று நினைத்து மங்கலாக்கிவிடும். திரையில் தெரியாது, அச்சில் பளிச்சென்று தெரியும்.

🙏 படத்தில் இருப்பவர்

கேட்டுவிட்டு எடுங்கள். முகம் இல்லாவிட்டாலும் பச்சை குத்திய பெயர், அடையாள அட்டை, தழும்பு ஆகியவற்றை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியும். அப்படிப்பட்ட படத்துக்கு அவருடைய எழுத்துப்பூர்வ ஒப்புதல் தேவை. எழுதத் தெரியாதவர் என்றால், அவர் வாயால் சம்மதம் சொல்லும் சிறு ஒலிப்பதிவு போதும். சிறுவர்கள் வேலை செய்வதைக் காட்டும் படங்களை ஏற்க மாட்டோம்.

ஓடும் இயந்திரம், கொதிக்கும் எண்ணெய், உயரமான சாரம் ஆகியவற்றின் அருகே ஃப்ளாஷ் போடாதீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். ஒரு நொடி அவர் கவனம் சிதறினால் போவது அவருடைய விரல்.

✍️ படக்குறிப்பு

30 சொற்களுக்குள் யார், என்ன செய்கிறார், எப்போது என்று எழுதுங்கள். ‘உழைப்பே உயர்வு’ என்றால் படத்தைப் பற்றி ஒன்றும் தெரிவதில்லை. ‘சக்கரம் நிற்பதற்குள் பானையின் அடியை நூலால் அறுத்து எடுக்கும் குயவர், மார்ச் மாதக் காலை’ என்றால் நடுவரின் கண் நேராக அந்த நூலுக்குப் போகும்.

⚖️ மதிப்பெண்

மூன்று நடுவர்கள். முதல் சுற்றில் ‘இருக்கட்டும்’, ‘வேண்டாம்’ என்ற வாக்கு மட்டும். இருவர் ‘இருக்கட்டும்’ என்றால் படம் மேலே போகும். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு நடுவரும் 100-க்கு மதிப்பெண் இடுவார்: கருப்பொருள் 30, கணம் 25, ஒளியும் கட்டமைப்பும் 25, தொழில்நுட்பம் 10, படக்குறிப்பு 10. மூவரின் சராசரிதான் முடிவு.

‘கணம்’ என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கேமராவுக்காக அசையாமல் பிடித்து நிறுத்திய கைக்கும், வேலையில் ஆழ்ந்திருக்கும் கைக்கும் தசையிலேயே வித்தியாசம் தெரியும். இறுகியிருக்க வேண்டிய கட்டைவிரல் தளர்ந்திருந்தால், அந்த வேலை தெரிந்தவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். இரண்டு படங்களுக்கு ஒரே மதிப்பெண் வந்தால் ‘கணம்’ அதிகம் பெற்றதே முந்தும். தொழில்நுட்பத்துக்கு 10 மட்டுமே என்பதால் அசட்டையாகவும் இருக்க வேண்டாம். வேகமாக அசையும் கைக்கு ஷட்டர் 1/250 நொடியாவது வேண்டும். அசைவை வேண்டுமென்றே இழுபடவிட்டால், கருவியோ பொருளோ ஏதாவது ஒன்று கூர்மையாக நிற்கட்டும்.

நடுவருக்கு ஒரு படம் யாருடையது என்று தெரிந்திருந்தால் அவர் ஒதுங்கிக்கொள்வார், மற்ற இருவரின் சராசரி எடுக்கப்படும்.

அக்டோபர் 20 அன்று இறுதிச் சுற்றின் 20 படங்களை அறிவிப்போம். அவற்றை எடுத்தவர்கள் 5 நாட்களுக்குள் திருத்தாத மூலக்கோப்பை அனுப்ப வேண்டும். ஆகவே அதை ஃபோனிலிருந்து இப்போதே அழித்துவிடாதீர்கள். முடிவு நவம்பர் 10. முதல் மூன்று படங்களுக்குப் பரிசாக, சட்டமிட்ட அச்சுப் பிரதி. 20 படங்களும் கண்காட்சியில் இடம்பெறும்.

🔒 உங்கள் படத்தை நாங்கள் என்ன செய்வோம்?

பதிப்புரிமை உங்களுடையதே. போட்டிக்கு அனுப்பியதால் அது எங்களுக்கு வந்துவிடாது. அதே படத்தை நீங்கள் விற்கலாம், வேறு எங்கும் வெளியிடலாம்.

நீங்கள் எங்களுக்குத் தருவது, இறுதிச் சுற்றுக்கு வந்த படத்தை மூன்று இடங்களில் பயன்படுத்தும் அனுமதி மட்டும்: முடிவு அறிவிப்பு, கண்காட்சி, அடுத்த போட்டியின் சுவரொட்டி. அதுவும் 2 ஆண்டுகளுக்கு, ஒவ்வொரு முறையும் உங்கள் பெயரோடு. விற்க மாட்டோம், விளம்பரத்துக்குத் தர மாட்டோம், பிறருக்குக் கைமாற்ற மாட்டோம். உங்களைக் கேட்காமல் வெட்டவோ மேலே எழுத்துப் போடவோ மாட்டோம். 4:3 படங்களை வெள்ளை ஓரம் விட்டு முழுமையாகவே அச்சிடுவோம். வெளியிடும் முன் கோப்பில் பதிவாகியிருக்கும் இருப்பிடத் தகவலை நீக்கிவிடுவோம்.

இறுதிச் சுற்றுக்கு வராத படங்களை முடிவு அறிவித்த 60 நாட்களுக்குள் அழித்துவிடுவோம், எங்கும் வெளியிட மாட்டோம். மனம் மாறினால் செப்டம்பர் 30-க்குள் எழுதுங்கள், காரணம் கேட்காமல் விலக்கிவிடுகிறோம். படத்தில் இருப்பவர் பிறகு வேண்டாம் என்றால் எந்த நாளிலும் இணையத்திலிருந்து எடுத்துவிடுவோம்.

படிவத்தை நிரப்பியதும் ஓர் எண் வரும், குறித்து வையுங்கள். ஒரு மணி நேரத்தில் வராவிட்டால் படம் எங்களுக்குச் சேரவில்லை என்று அர்த்தம். கடைசி இரவில் அனுப்பினால் அதைச் சரிசெய்ய நேரம் இருக்காது.

#உழைக்கும்கைகள்