சதுரங்கத்தில் முதல் பத்து நகர்வுகள்

1/6: சண்டை எங்கே?

```
8 ♜ ♞ ♝ ♛ ♚ ♝ ♞ ♜
7 ♟ ♟ ♟ ♟ ♟ ♟ ♟ ♟
6 · · · · · · · ·
5 · · · ★ ★ · · ·
4 · · · ★ ★ · · ·
3 · · · · · · · ·
2 ♙ ♙ ♙ ♙ ♙ ♙ ♙ ♙
1 ♖ ♘ ♗ ♕ ♔ ♗ ♘ ♖
  a b c d e f g h
```

நட்சத்திரமிட்ட நான்கு கட்டங்களுக்காகத்தான் போட்டி. யார் காய்களை முதலில் வெளியே கொண்டுவருகிறாரோ, அவர் கை ஓங்கும். ஒவ்வொரு படத்தையும் உங்கள் பலகையில் அடுக்கிப் பாருங்கள்.

2/6: நடுவில் ஒரு சிப்பாய்

```
8 ♜ ♞ ♝ ♛ ♚ ♝ ♞ ♜
7 ♟ ♟ ♟ ♟ · ♟ ♟ ♟
6 · · · · · · · ·
5 · · · · ♟ · · ·
4 · · · · ♙ · · ·
3 · · · · · · · ·
2 ♙ ♙ ♙ ♙ · ♙ ♙ ♙
1 ♖ ♘ ♗ ♕ ♔ ♗ ♘ ♖
  a b c d e f g h
```

e4 சிப்பாய் நடுவைப் பிடிக்கிறது. ராணிக்கும் f1 மந்திரிக்கும் வழியும் விடுகிறது. சிலருக்கு h4 தள்ளி, யானையை h3-க்குக் கொண்டுவர ஆசை. கறுப்பு d சிப்பாயை நகர்த்தியிருந்தால் c8 மந்திரி அந்த யானையை அடித்துவிடும்!

3/6: ஓரக் குதிரை பாதிக் குதிரை

```
8 · · · · · · · ·
7 · · · · · · · ·
6 · · · · · · · ·
5 · ○ · · ● · ● ·
4 · · ○ ● · · · ●
3 ♘ · · · · ♘ · ·
2 · · ○ ● · · · ●
1 · ○ · · ● · ● ·
  a b c d e f g h
```

எண்ணுங்கள். f3 குதிரைக்கு எட்டுக் கட்டங்கள், a3 குதிரைக்கு நான்குதான்.

4/6: ராணிக்கு என்ன அவசரம்?

```
8 ♜ · ♝ ♛ ♚ ♝ ♞ ♜
7 ♟ ♟ ♟ ♟ · ♟ ♟ ♟
6 · · ♞ · · · · ·
5 · · · · ♟ · · ♕
4 · · ♗ · ♙ · · ·
3 · · · · · · · ·
2 ♙ ♙ ♙ ♙ · ♙ ♙ ♙
1 ♖ ♘ ♗ · ♔ · ♘ ♖
  a b c d e f g h
```

பள்ளிப் போட்டிகளில் பலரை வீழ்த்தும் பொறி இது. f7 சிப்பாய்க்கு ராஜா மட்டுமே காவல். ராணி அதை அடித்தால் செக்மேட்!

பயம் வேண்டாம். கறுப்பு g6 ஆடினால் ராணி ஓட வேண்டும். அது f3-க்குப் போய் மறுபடியும் f7-ஐக் குறிவைக்கும். இப்போது g8 குதிரையை f6-இல் வையுங்கள்: ராணியின் வழி அடைபடும், ஒரு காயும் வெளியே வந்துவிடும். கறுப்பின் இரண்டு குதிரைகளும் களத்தில். வெள்ளையின் குதிரைகள் இன்னும் வீட்டில்.

ஆனால் g6-ஐ இரண்டாவது நகர்விலேயே, c6 குதிரை வருவதற்கு முன்பே ஆடிவிடாதீர்கள். ராணி e5 சிப்பாயை அடித்துச் செக் வைக்கும், அடுத்து h8 யானையையும் விழுங்கும்.

5/6: ராஜாவைப் பத்திரப்படுத்துங்கள்

```
8 ♜ · ♝ ♛ ♚ · ♞ ♜
7 ♟ ♟ ♟ ♟ · ♟ ♟ ♟
6 · · ♞ · · · · ·
5 · · ♝ · ♟ · · ·
4 · · ♗ · ♙ · · ·
3 · · · · · ♘ · ·
2 ♙ ♙ ♙ ♙ · ♙ ♙ ♙
1 ♖ ♘ ♗ ♕ · ♖ ♔ ·
  a b c d e f g h
```

வெள்ளை கேஸ்லிங் செய்துவிட்டது: ஒரே நகர்வில் ராஜா யானைப் பக்கம் இரண்டு கட்டம் போக, யானை அதைத் தாண்டி அருகில் நிற்கிறது. ராஜாவோ அந்த யானையோ முன்பே நகர்ந்திருந்தால் கேஸ்லிங் கிடையாது. இரண்டுக்கும் நடுவே காய் இருக்கக் கூடாது. செக்கில் இருக்கும்போதும், ராஜா கடக்கும் கட்டமோ சேரும் கட்டமோ தாக்கப்படும்போதும் முடியாது.

6/6: கறுப்பு ஆட வேண்டும். எப்படி?

```
8 ♜ · ♝ ♛ ♚ · · ♜
7 ♟ ♟ ♟ ♟ · ♟ ♟ ♟
6 · · ♞ · · ♞ · ·
5 · · ♝ · ♟ · ♘ ·
4 · · ♗ · ♙ · · ·
3 · · · ♙ · · · ·
2 ♙ ♙ ♙ · · ♙ ♙ ♙
1 ♖ ♘ ♗ ♕ ♔ · · ♖
  a b c d e f g h
```

வெள்ளைக் குதிரை f3-இலிருந்து இரண்டாம் முறை பாய்ந்து, மந்திரியோடு சேர்ந்து f7-ஐக் குறிவைக்கிறது. பத்து விநாடி யோசியுங்கள். விடை படத்துக்குக் கீழே.

விடை: கேஸ்லிங்! இப்போது f7-க்கு யானையும் ராஜாவும் காவல். வெள்ளை அங்கே மோதினால் மந்திரியையும் குதிரையையும் கொடுத்து ஒரு யானையும் ஒரு சிப்பாயும் பெறும். மந்திரிக்கும் குதிரைக்கும் மும்மூன்று, யானைக்கு ஐந்து, சிப்பாய்க்கு ஒன்று என்ற புள்ளிக் கணக்கில் ஆறுக்கு ஆறு. ஆனால் வெளியே வந்த இரண்டு காய்களும் போய்விடும். கறுப்பின் இரு குதிரைகளும் மந்திரியும் தாக்குதலுக்குத் தயாராக நிற்கும்.