முதல் சிசியு நைட் டியூட்டிக்கு

கவின்,

உள்ளே போனதும் முதலில் டிஃபிப்ரிலேட்டரைப் பார். சார்ஜ் இருக்கணும், SYNC அணைந்திருக்கணும். அது ஆனிலேயே இருந்தால், விஎஃப்-இல் மெஷின் ஆர் அலையைத் தேடிக்கொண்டே நிற்கும், ஷாக் போகாது.

4-ஆம் பெட் இன்ஃபீரியர் எம்ஐ. மாலை 6:30-க்கு டெனெக்டிப்ளேஸ் போட்டோம். 8 மணிக்கு இசிஜி எடு. அதிகம் ஏறியிருந்த லீடில் எஸ்டி பாதிக்குக் கீழே இறங்கவில்லை என்றால் உடனே கூப்பிடு, ரெஸ்க்யூ பிசிஐ பார்க்கணும். அவருக்கு V4R-லும் எஸ்டி ஏற்றம் உண்டு. வலி என்று சொன்னாலும் நைட்ரேட் வேண்டாம். வலது வென்ட்ரிக்கிளுக்கு வரும் ரத்தம் குறைந்து பிரஷர் சரிந்துவிடும். மானிட்டரில் அகலமான பீட்கள் 80 வேகத்தில் ஓடலாம். பிரஷர் நன்றாக இருந்தால் அது ஏஐவிஆர், தானே அடங்கும். அமியோடரோன் எடுக்கக் கை பரபரக்கும், விட்டுவிடு.

7-ஆம் பெட்டுக்குத் தொடை வழியே ஸ்டென்ட். முதுகுவலி, வேகமான நாடி, இறங்கும் பிரஷர் மூன்றும் சேர்ந்தால், கட்டு காய்ந்திருந்தாலும் உள்ளே ரத்தம் கசிகிறது என்றே எடுத்துக்கொள். ஹீமோகுளோபின், கிராஸ்மேட்ச் அனுப்பிவிட்டு எனக்குப் போன் போடு.

மற்றவர்கள் ஸ்டேபிள். பொட்டாசியம் மட்டும் 4-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்.

அலாரம் அடித்தால் ஆளைப் பார், பிறகு திரையை. நெஞ்சைச் சொறிந்தாலே விடி மாதிரி தெரியும்.

செந்தில்