7. அறிவுசார் சொத்து: பெயர், ஜாடி, பக்குவம்
(‘சில்லாட்டை’ பொடி வகைகள், மதுரை – வங்கிக் கடனுக்கான தொழில் திட்டத்திலிருந்து)

இட்லிப் பொடியை யாரும் அரைக்கலாம். எங்களிடம் இருந்து எளிதில் எடுத்துவிட முடியாதவை மூன்று: பெயர், உரல் வடிவ ஜாடி, வறுவல் பக்குவம். மூன்றுக்கும் காப்பு வெவ்வேறு சட்டத்தில் இருக்கிறது.

டிரேட்மார்க்

முதலில் யோசித்த பெயர் ‘மதுரை இட்லிப் பொடி’. ஊரையும் பொருளையும் மட்டும் சொல்லும் பெயரை டிரேட்மார்க் சட்டம், 1999-இன் 9-ஆம் பிரிவு தடுக்கும் என்பதால் அதைக் கைவிட்டோம். தென்னை மட்டையின் அடியில் வலைபோல் இருப்பது சில்லாட்டை. பொடிக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதனாலேயே அது வலுவான பெயர். பதிவேட்டில் எழுத்தை மட்டும் வைத்துத் தேடாமல் ஒலி ஒப்புமையையும் தேடினோம். ‘சில்லட்டை’, ‘சிலாட்டா’ போன்ற திரிபுகளும் அதில் அடங்கும்.

டிஎம்-ஏ படிவத்தில் சொற்குறியை வகுப்பு 30 (பொடி, மசாலா), வகுப்பு 29 (அடுத்த ஆண்டு வரும் நல்லெண்ணெய், ஊறுகாய்) இரண்டிலும், லோகோவை வகுப்பு 30-இல் மட்டும் 2025 பிப்ரவரியில் இணையவழி தாக்கல் செய்தோம். உத்யம் சான்றிதழ் இருப்பதால் வகுப்புக்கு ரூ.4,500, மொத்தம் ரூ.13,500. சான்றிதழ் இணைக்காவிட்டால் இது இரட்டிப்பாகும். விண்ணப்பதாரர் கூட்டு நிறுவனம்தான், கூட்டாளி ஒருவர் அல்ல. நாளை ஒருவர் விலகினால் பெயரும் அவரோடு போய்விடக்கூடாது.

வகுப்பு 30-க்குப் பயன்பாட்டுத் தேதியாக 2023 ஜனவரி 12 என்று எழுதியுள்ளோம். அன்றைய முதல் விற்பனை ரசீதும் பிரமாணப் பத்திரமும் இணைப்பில் உள்ளன. ஆதாரமில்லாத பழைய தேதியைப் போட்டால் எதிர்ப்பு வரும்போது முதலில் உடைவது அதுதான். வகுப்பு 29-இல் இன்னும் விற்பனை இல்லாததால் ‘பயன்படுத்த உத்தேசம்’ என்றே குறித்தோம்.

லோகோவில் ‘மதுரை இட்லிப் பொடி’ என்ற துணைவரி இருந்ததால் பரிசோதனை அறிக்கையில் ஆட்சேபம் வந்தது. அந்தச் சொற்களுக்குத் தனியுரிமை கோரவில்லை என்று 30 நாள் கெடுவுக்குள் பதில் கொடுத்தோம். ஏற்கப்பட்டால் டிரேட்மார்க் பதிவகத்தின் இதழில் வெளியாகும். அதன்பின் 4 மாதம் எதிர்ப்புக் காலம். பதிவு கிடைக்கும்வரை லேபிளில் ‘டிஎம்’ குறி மட்டுமே. வட்டத்துக்குள் ‘ஆர்’ போடுவது பதிவுக்கு முன் சட்டமீறல் என்று அச்சகத்துக்கு எழுத்தில் தெரிவித்திருக்கிறோம். பதிவு 10 ஆண்டுக்கு, பிறகு புதுப்பிக்கலாம்.

ஜாடி வடிவமைப்பு

இங்கே நாள்தான் எல்லாம். வடிவமைப்புச் சட்டம், 2000-இன்படி விண்ணப்பத்துக்கு முன் வடிவம் எங்கும் வெளியாகியிருக்கக்கூடாது. ஒரே ஒரு இன்ஸ்டாகிராம் படம் போதும், பதிவை ரத்து செய்ய. எனவே ஜாடியின் படம் இதுவரை எதிலும் இல்லை. அச்சுக்கூடு செய்பவரும் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகே வரைபடம் பெற்றார். படிவம் 1, கட்டணம் ரூ.1,000, பல கோணப் படங்களுடன் நவம்பர் கண்காட்சிக்கு முன் தாக்கல் செய்வோம். காப்பு 10 ஆண்டு, மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம்.

மூடியே அளவுக் கரண்டியாக இருப்பது பயன்பாடு சார்ந்தது, அதற்குப் பதிவு கிடைக்காது. தோற்றத்துக்கு மட்டுமே கோருகிறோம். பதிவைத் தவிர்த்துப் பதிப்புரிமையை நம்பலாம் என்றால் அதுவும் இல்லை: பதியத்தக்க வடிவத்தை இயந்திரத்தில் 50 தடவைக்கு மேல் உருவாக்கினால் அந்த உரிமை முடிந்துவிடும். எங்கள் முதல் வார்ப்பே 5,000 ஜாடி.

வணிக ரகசியம்

பக்குவத்துக்குக் காப்புரிமை கேட்கவில்லை. வெறும் கலவையையும் மரபு அறிவையும் சட்டம் விலக்குகிறது. அதோடு விண்ணப்பம் வெளியிடப்படும், ரகசியம் போய்விடும். இந்தியாவில் வணிக ரகசியத்துக்குத் தனிச் சட்டம் இல்லாததால் ஒப்பந்தமும் அன்றாட ஒழுங்குமே அரண்.

லேபிளில் சேர்மானங்களை எடை இறங்குவரிசையில் அச்சிட்டே ஆகவேண்டும், ஆகவே பட்டியல் ரகசியம் அல்ல. ரகசியம் விகிதமும், எதை எந்த வரிசையில் எவ்வளவு நேரம் வறுப்பது என்பதும். வறுவல் எங்கள் கூடத்தில். வெளி மில்லுக்கு வறுத்துக் கலந்த சரக்கு மட்டுமே அரவைக்குப் போகிறது. பெருங்காயமும் மிளகும் சேர்ந்த முன்கலவையைக் கூட்டாளிகள் இருவரே நிறுக்கிறார்கள். வறுப்பவர் கைக்கு வருவது எண்ணிட்ட டப்பா.

பணியாளர் ஏழு பேரும் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுள்ளனர். விலகியபின் போட்டித் தொழில் செய்யக்கூடாது என்ற வரியைச் சேர்க்கவில்லை. ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவின் கீழ் அது செல்லாது. ஒருவர் கடையில் வாங்கித் தின்று தானே கண்டுபிடித்தால் தடுக்கவும் வழியில்லை.

நிலுவை

லோகோ வரைந்த ஓவியர் எங்கள் ஊழியர் அல்ல. கூலி கொடுத்தாலும் பதிப்புரிமை அவரிடமே இருக்கிறது. எழுத்தில் உரிமை மாற்றம் வாங்கவேண்டும், அதில் காலத்தைக் குறிக்காவிட்டால் 5 ஆண்டு என்றே கொள்ளப்படும். ‘முழுப் பதிப்புரிமைக் காலத்துக்கும், உலகெங்கும்’ என்ற வாசகத்துடன் பத்திரம் தயார். கையெழுத்து அக்டோபர் 10-க்குள்.