லேப் 2 கணினிகளில் திரை அமைப்பை மாற்றாதீர்கள்

பி.சி.ஏ., பி.எஸ்சி. கணினி அறிவியல், பி.காம். சி.ஏ. மாணவ மாணவியர் அனைவருக்கும்,

லேப் 2-இல் உள்ள 40 சிஸ்டங்களிலும் உபுண்டு 22.04 இருக்கிறது, எல்லாவற்றுக்கும் student என்ற ஒரே லாகின்தான். ஒருவர் திரையில் செய்யும் மாற்றம் அடுத்து உட்காருபவருக்கு அப்படியே போய்ச் சேரும். காலை பேட்ச் எழுந்து போய் அடுத்த பேட்ச் உட்கார பத்து நிமிடம்தான் இடைவெளி, அதற்குள் யாராலும் 40 சிஸ்டத்தையும் பார்த்துச் சரிசெய்ய முடியாது. அதனால் வரும் திங்கள் முதல் எல்லாச் சிஸ்டமும் ஒரே மாதிரிதான் இருக்க வேண்டும், அதை அப்படியே வைத்திருப்பது உங்கள் பொறுப்பு.

டாக் இடது பக்கம்தான் இருக்க வேண்டும், எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஆட்டோ-ஹைட் போடாதீர்கள். போன செமஸ்டர் பிராக்டிகலில் யாரோ டாக்கை மறைத்து வைத்துவிட்டுப் போன சிஸ்டம் ஒரு மாணவிக்கு வந்தது. டெர்மினல் எங்கே என்று தெரியாமல் பதறிப்போய் கை தூக்கினாள், எக்ஸ்டர்னல் பக்கத்தில் நிற்கிறார், வினாத்தாள் கையில் இருக்கிறது, புரோகிராமில் ஒரு வரிகூட எழுதவில்லை. அவள் தவறு அதில் எதுவும் இல்லை.

டாக்கில் ஐகான் வரிசை மேலிருந்து கீழாக இப்படி: ஃபைல்ஸ், டெர்மினல், ஜீனி, ஃபயர்ஃபாக்ஸ், ரைட்டர், கால்க். வரிசை ஏன் முக்கியம் என்று பலருக்குத் தெரியாது. Super விசையோடு (விண்டோஸ் படம் போட்ட விசை) எண்ணைச் சேர்த்து அழுத்தினால் அந்த இடத்தில் உள்ள ஐகான் திறக்கும். Super+1 ஃபைல்ஸ், Super+2 டெர்மினல். பார்வைக் குறைபாடு உள்ள மாணவர்கள் Alt+Super+S அழுத்தி ஓர்கா திரை வாசிப்பானைப் போட்டுக்கொண்டு, இந்த எண்களை நம்பித்தான் வேலை செய்கிறார்கள். நீங்கள் விளையாட்டாக ஒரு ஐகானை இழுத்து மேலே வைத்தால் அவர்களுக்கு Super+2-இல் வேறு ஏதோ திறக்கும். இது ஒன்றையாவது தயவுசெய்து மனதில் வையுங்கள். புதிதாக எதையும் டாக்கில் சேர்க்கவும் வேண்டாம், Super-ஐ அழுத்திப் பெயரைத் தட்டினாலே எந்த மென்பொருளும் வந்துவிடும்.

டாக் இடம் மாறியிருந்தாலோ மறைந்திருந்தாலோ Ctrl+Alt+T அழுத்தி டெர்மினலைத் திறந்து இதை அடியுங்கள், பழைய நிலைக்கு வந்துவிடும்:

```
gsettings reset-recursively org.gnome.shell.extensions.dash-to-dock
```

இது ஐகான் வரிசையைச் சரிசெய்யாது. வரிசை கலைந்திருந்தால் லேப் அசிஸ்டெண்டிடம் சிஸ்டம் எண்ணைச் சொல்லுங்கள், அவர் பார்த்துக்கொள்வார்.

அப்புறம் கீபோர்டு. ஆங்கிலமும் தமிழ்99-உம் இரண்டுமே போட்டிருக்கிறோம், Super+Space அழுத்தினால் மாறும். தமிழில் தட்டச்சு செய்யுங்கள், அதற்காகத்தான் போட்டிருக்கிறோம். ஆனால் எழுந்து போகும்முன் வலது மேல் மூலையில் en என்று இருக்கிறதா பாருங்கள். ta-வில் விட்டுவிட்டுப் போனால் அடுத்து வருபவர் டெர்மினலில் gcc என்று அடிக்க, திரையில் தமிழ் எழுத்து விழும், முதலாம் ஆண்டு பிள்ளைகள் கீபோர்டு கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

டெஸ்க்டாப்பில் ஹோம் ஃபோல்டரைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. உங்கள் ஃபைல்கள் ஹோமுக்குள் உங்கள் வகுப்பு ஃபோல்டரில், பதிவு எண் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு அதில் இருக்கட்டும். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் இரண்டையும் ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் முழுவதுமாக அழித்துவிடுவோம். ரெக்கார்டு புரோகிராம் போய்விட்டது என்று திங்கட்கிழமை வந்து நின்றால் திரும்ப எடுத்துத் தர வழியில்லை, எனவே பென் டிரைவில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அதே லாகினில் எல்லோரும் வருவதால் அடுத்தவர் ஃபோல்டரை உங்களால் திறக்க முடியும்தான், திறக்காதீர்கள்.

வால்பேப்பர், எழுத்தின் அளவு, திரைச் சுழற்சி எதையும் தொட வேண்டாம். கண்ணுக்கு எழுத்துச் சிறியதாக இருந்தால் டெர்மினலில் மட்டும் Ctrl+Shift+'+' போட்டுப் பெரிதாக்கலாம், அந்த விண்டோவை மூடினால் போய்விடும், யாருக்கும் தொந்தரவில்லை. நிரந்தரமாகவே பெரிய எழுத்து தேவைப்படுகிறவர்கள் என்னிடம் வாருங்கள், தனி லாகின் போட்டுத் தருகிறேன், காரணம் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

ஃபயர்ஃபாக்ஸில் ஜிமெயிலைத் திறந்தால் லாக்அவுட் செய்துவிட்டுப் போங்கள். பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உட்கார்ந்தவுடன் திரை இப்படி இல்லை என்றால் உடனே சொல்லிவிடுங்கள், முந்தைய பேட்ச் செய்ததற்கு உங்களைக் கேட்க மாட்டோம். வேலை முடிந்த பிறகு கலைந்திருந்தால் வருகைப் பதிவேட்டில் அந்தச் சிஸ்டம் எண்ணுக்கு நேராகக் கையெழுத்துப் போட்டவரைத்தான் கூப்பிடுவோம். மாடல் பிராக்டிகலுக்கு முந்தைய நாள் மதியம் 2 மணிக்கு மேல் லேப் பூட்டியிருக்கும், அன்று எல்லாச் சிஸ்டத்தையும் சரிபார்க்கிறோம்.

பொறுப்பாசிரியர்,
கணினி ஆய்வகம் 2