தரம் 11 கணிதம்: திருகோணமலை சூம் இரவு வகுப்பு, பாடம் தொடங்க முதல்

வணக்கம் பிள்ளையள், அஸ்ஸலாமு அலைக்கும். வாங்கோ, வாங்கோ. இப்ப 6.56. பாடம் சரியா 7.00க்கு. அதுவரைக்கும் ஒவ்வொருத்தரா உள்ள எடுக்கிறன்.

என்ர குரல் கேக்குதா? கேக்கிற ஆக்கள் சட்டில 1 போடுங்கோ. கிண்ணியா ஒண்டு, நிலாவெளி ஒண்டு, மூதூர் ரெண்டு... நல்லம். கேக்காத ஆக்களுக்கு இப்ப நான் சொல்றதும் கேக்காதுதானே, அதால சட்டிலயும் எழுதிவிட்டன்: கீழ Join Audio, பிறகு Wifi or Cellular Data. உள்ள வரேக்க அதை அமத்தாம விட்டால் படம் வரும், சத்தம் வராது.

ஆ, கூ எண்டு இரையுது. ஆரோ ஒரு வீட்டில ரெண்டு போன்ல இருக்கிறீங்கள். ஒண்டின்ர ஸ்பீக்கர் சத்தத்தை மற்றதின்ர மைக் பிடிச்சுத் திருப்பி அனுப்புது. ரெண்டு மைக்கையும் அடையுங்கோ. ஒரு போன்ல சத்தத்தையும் முழுசாக் குறையுங்கோ, இல்லாட்டி ஒரே வசனம் ரெண்டு தரம் கேக்கும். ...ம், நிண்டிட்டுது. நன்றி.

தம்பலகாமத் தம்பி, வாங்கோ. iPhone எண்டு வந்திருக்கிற பிள்ளை, Participantsல உங்கட பேரைத் தொட்டு Rename குடுத்து, பேரும் ஊரும் போடுங்கோ. வரவு அதைப் பாத்துத்தான் பதியிறன். வீடியோ போடத் தேவையில்லை, டேட்டா மிச்சம்.

சும்மா இருக்காம இதைச் செய்யுங்கோ. மடக்கை அட்டவணைப் புத்தகத்தை எடுங்கோ, கல்குலேட்டரைத் தள்ளி வையுங்கோ. கடற்கரையில ஒரு கொடிக்கம்பம். அடியில இருந்து 20 மீற்றர் தள்ளி நிக்கிற ஒருவருக்கு உச்சியின் ஏற்றக்கோணம் 35°. அவரின்ர கண் நிலத்தில இருந்து 1.5 மீற்றர் உயரத்தில. கம்பம் எவ்வளவு உயரம்? முதல்ல படம் கீறுங்கோ, பிறகுதான் அட்டவணை.

சட்டில விடை வருது. 14.0 போட்ட ஆக்கள், கண் உயரத்தைக் கூட்டேல்ல. 12.97 போட்ட பிள்ளை, நீங்கள் சைன் பக்கத்தைப் பாத்திருக்கிறீங்கள். 0.5736 அங்கதான் இருக்கு, உங்களுக்கு வேண்டியது தான்ஜன்ட், 0.7002. 15.5 போட்ட உப்புவெளித் தங்கச்சி, சரி. மற்றாக்கள் அழிக்காதேங்கோ, பக்கத்தில திருத்துங்கோ.

இன்னொண்டு. வகுப்பைத் திறந்தது 6.55க்கு. இலவச சூம் எண்டபடியால் 40 நிமிசத்தில, 7.35க்கு, தானாக் கட்டாகும். பயப்படாதேங்கோ, அதே லிங்கால 7.50க்குத் திரும்ப வாங்கோ. இஷா தொழுற பிள்ளையளுக்கும் அது வசதி.

7.00 ஆச்சு. எல்லாரும் மைக்கை அடையுங்கோ. ஸ்கிரீனைப் போடுறன், கொடிக்கம்பத்தின்ர படம் தெரியுதா?