வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம்: தம்பிக்கு

தம்பி, அக்கா எழுதுகிறேன். மொத்தம் ஐம்பது பேர், காலைச் சிற்றுண்டி மட்டும். இனி புதிதாக யாரையும் அழைத்துவிடாதே.

4.30க்குப் பசுவும் கன்றும் வாசலில் நிற்க வேண்டும். முதல் நாளே சாக்கு விரித்துவை. டைல்ஸ் தரையில் கன்றுக்குக் கால் வழுக்கும். 5 மணிக்குக் கணபதி ஹோமம், 6.15க்குள் பால் காய்ச்சிவிடலாம். 7.30க்கு முதல் பந்தி, 8.15க்கு இரண்டாவது. 10.30க்கு ராகு காலம். அதற்குள் தாம்பூலப் பை கொடுத்து முடித்துவிடுவோம்.

கூடத்தில் ஜமக்காளம், முழங்கால் வலிக்காரர்களுக்குச் சுவரோரம் 12 நாற்காலி. பந்தி மொட்டை மாடியில், 25 இலை. பெரியப்பாவால் மாடி ஏற முடியாது, அவருக்குக் கீழேயே இலை போடு.

சமையல்காரரிடம் சொன்ன கணக்கு: இட்லி 160, வடை 70. பொங்கலுக்குப் பச்சரிசி இரண்டரை கிலோ, பாசிப்பருப்பு ஒரு கிலோ. கேசரிக்கு ரவை ஒன்றரை கிலோ. சாம்பாருக்குத் துவரம்பருப்பு ஒன்றேகால் கிலோ. காபிக்குப் பால் 7 லிட்டர். சட்னிக்குத் தேங்காய் 10 போதும் என்கிறார் அவர். நீ 12 வாங்கு, பந்தியில் சட்னி தீர்ந்தால் மானம் போய்விடும்.

பால் காய்ச்ச அம்மாவின் பித்தளைப் பானைதான். புளி போட்டுத் தேய்த்துவைத்துவிட்டேன்.